13 வயது மணிக்கு வந்திருப்பது டிமென்ஷியாதானா?

டாக்டருக்கு வணக்கம். காலடிப்பேட்டையில் முதல் மாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்கள் பாமரேனியன் மணிக்கு 13 வயது முடிந்துவிட்டது, எடை 11 கிலோ. அஞ்சு மாசமா பகல் முழுக்கத் தூங்குகிறான். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து வீட்டையே சுற்றிச் சுற்றி நடந்து, சுவரைப் பார்த்துக் குரைக்கிறான். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே போய் மாட்டிக்கொண்டு பின்னால் வரத் தெரியாமல் நிற்கிறான். கதவு திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டு கீல் பக்கம் போய் நிற்கிறான். ஹாலிலேயே சிறுநீர் போய்விடுகிறான். இரண்டு மாசமா தண்ணீர் ரொம்பக் குடிக்கிறான். அம்மா இடுப்பைத் தொட்டால் கடிக்க வருகிறான். கண் நீலம் பாரித்த மாதிரி இருக்கிறது.

பக்கத்தில் காட்டியதற்கு "வயசாயிடுச்சு" என்றார்கள். நடக்க முடியாத அன்று மட்டும் ட்ரமடால் அரை மாத்திரை கொடுக்கிறோம். ராத்திரி தூங்கட்டும் என்று அவில் கொடுக்கிறோம். உண்ணிக்காக மாதம் ஒரு தடவை தண்ணீரில் கலந்து ஊற்றும் மருந்துக் குளியல் உண்டு. மூளைக்கு நல்லது என்று அம்மா தினமும் சாதத்தில் இரண்டு பெரிய கரண்டி தேங்காய் எண்ணெய் விடுகிறார். செலெகிலின் கொடுத்தால் சரியாகிவிடும் என்று தம்பி போனில் பார்த்துச் சொல்கிறான், மெடிக்கலில் வாங்கிக் கொடுக்கலாமா? வீட்டு ஓனர் தினமும் சத்தம் போடுகிறார். ஊசி போட்டு அவனை முடித்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

— ஒரு வாசகி, வட சென்னை

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் இன்றே செய்ய வேண்டியது. செலெகிலினை இப்போது வாங்காதீர்கள். அது கெட்ட மருந்து என்பதால் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு மருந்துகளோடு சேர்ந்தால் அது மணியின் உயிருக்கே ஆபத்தாகலாம். அவிலையும் இன்று இரவிலிருந்து நிறுத்திவிடுங்கள். காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

நீங்கள் எழுதியவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கீல் பக்கம் போய் நிற்பது, இடுக்கில் புகுந்து பின்வாங்கத் தெரியாமல் திகைப்பது, பகலும் இரவும் தலைகீழானது ஆகிய மூன்றும் டிமென்ஷியா என்னும் மூளைத் தளர்ச்சியில் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பவை. அதிகத் தண்ணீர், இடுப்பைத் தொட்டால் சீறுவது, கண்ணின் நீலம் ஆகியவற்றுக்கு டிமென்ஷியா காரணமே இல்லை. மூளைத் தளர்ச்சியால் எந்த நாயும் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதில்லை. ஆகவே மணிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொந்தரவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். இரவு நடப்பதிலும் ஹாலில் சிறுநீர் போவதிலும் எவ்வளவு பங்கு மூளைக்கு, எவ்வளவு பங்கு உடம்புக்கு என்பதைப் பரிசோதனை செய்துதான் பிரிக்க முடியும்.

மூளையில் என்ன நடக்கிறது

கெனைன் காக்னிட்டிவ் டிஸ்ஃபங்ஷன் என்று நாங்கள் சொல்லும் இந்த நோயில், மனிதர்களின் அல்ஸைமர் நோயில் படிகிற அதே பீட்டா அமிலாய்டு புரதம் நாயின் மூளையிலும் படிகிறது. மூளை சுருங்குகிறது. நரம்புகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் அசிடைல்கோலின், டோபமின் போன்ற ரசாயனங்கள் குறைகின்றன. குளுக்கோஸை எரித்துச் சக்தி எடுக்கும் திறனும் மங்குகிறது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், தேங்காய் எண்ணெய்க் கதை அங்கிருந்துதான் வருகிறது.

இது அபூர்வ நோய் அல்ல. 2001-இல் வெளியான கலிஃபோர்னியா ஆய்வொன்றில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்திற்கும், 15, 16 வயது நாய்களில் 68 சதவீதத்திற்கும் ஒரு வகைக் குறியாவது இருந்தது. இந்தக் கணக்கை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும். 16 வயதிலும் மூன்றில் ஒரு பங்கு நாய்களுக்கு எதுவும் இல்லை. "வயசாயிடுச்சு" என்பது வயதைத்தான் சொல்கிறது, நோயைச் சொல்லவில்லை.

மருத்துவர் உங்களிடம் ஆறு விஷயங்களைக் கேட்பார். பழகிய இடத்தில் வழி தெரியாமல் போவது, வீட்டாரோடு பழகும் விதம் மாறுவது, தூக்கம் மாறுவது, வீட்டுக்குள் அசுத்தம் செய்வது, நடமாட்டம் கூடுவது அல்லது குறைவது, பயமும் பதற்றமும். ஒவ்வொன்றும் எப்போது தொடங்கியது என்று எழுதி எடுத்துப் போங்கள். மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்வதுதான் இந்த நோயின் நடை. ஓரிரு நாளில் திடீரென வந்தது என்றால் இதைச் சந்தேகிக்கக் கூடாது. தலை ஒரு பக்கம் சாய்வது, கண்மணி ஆடுவது, எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றுவது ஆகியவை உள்காது சமநிலைக் கோளாறு, மூளைக் கட்டி, பக்கவாதம் போன்றவற்றைக் காட்டும். மணி இரண்டு பக்கமும் சுற்றுகிறானா, ஒரே பக்கம் மட்டுமா என்று இன்றிரவு கவனியுங்கள். ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொண்டால் மருத்துவமனையில் பத்து நிமிட விளக்கம் மிச்சமாகும்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

"ரொம்பக் குடிக்கிறான்" என்பதை எண்ணாக மாற்றுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலில் அளந்து கிண்ணத்தில் ஊற்றி, 24 மணி நேரத்தில் எவ்வளவு போயிற்று என்று மூன்று நாள் குறியுங்கள். பாத்ரூம் வாளி, பூந்தொட்டித் தட்டு இவற்றில் அவன் வாய் வைக்காதபடி மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு பொய்யாகும். கிலோவுக்கு 50, 60 மில்லி சாதாரணம். 100 மில்லியைத் தாண்டினால் நிச்சயம் அதிகம். 11 கிலோ மணிக்கு 1,100 மில்லி என்பது எல்லை. மே மாத வெயிலில் கொஞ்சம் கூடும், அதனால் மூன்று நாள் சராசரிதான் முக்கியம். ஹாலை நனைக்கிறான் என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்க மட்டும் வேண்டாம். சிறுநீரகம் பழுதான நாய்க்குத் தண்ணீரை நிறுத்தினால் ஒரே நாளில் படுத்துவிடும்.

அடுத்தது காலையின் முதல் சிறுநீர். நீளக் கைப்பிடி உள்ள கரண்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, அவன் போகும்போது கீழே நீட்டினால் போதும். சுத்தமான சிறு பாட்டிலில் ஊற்றி இரண்டு மணி நேரத்திற்குள் கொண்டுபோய்க் கொடுங்கள், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இதில் பார்ப்பது சர்க்கரை, புரதம், கிருமி, எல்லாவற்றுக்கும் மேலாக அடர்த்தி. காலைச் சிறுநீரின் அடர்த்தி திரும்பத் திரும்ப 1.030-க்குக் கீழே இருந்தால் சிறுநீரகத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வயதில் தசை கரைந்த நாய்க்கு ரத்தத்தில் கிரியாட்டினின் சரியாக இருப்பதுபோல ஏமாற்றும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது என்கிறேன்.

ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின், சர்க்கரை, கல்லீரல் அளவுகள், முழு ரத்த எண்ணிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். உண்ணி உள்ள வீடு என்பதால் தட்டணுக்களின் எண்ணிக்கையையும், எர்லிகியா என்னும் உண்ணிக் காய்ச்சலுக்கான பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்னையில் உண்ணிக்குத் தனிப் பருவம் கிடையாது, ஆண்டு முழுக்க இருக்கும். நாள்பட்ட எர்லிகியா நாயை மெல்ல மெல்ல மந்தமாக்கும், சில நேரம் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கல்லீரல் அளவுகளில் ஏஎல்பி என்னும் நொதி மட்டும் தனியாக எகிறி நின்று, வயிறு தொங்கி, இரவில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பும் இருந்தால், கார்டிசோல் ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும் குஷிங் நோயைத் தேட வேண்டும். அதிகத் தண்ணீர், இரவு அமைதியின்மை இரண்டுமே அதற்கும் பொருந்தும். ஒரு எச்சரிக்கை: உண்ணிக் குளியல் மருந்தில் அமிட்ராஸ் இருந்தால் அது ரத்தச் சர்க்கரையைத் தற்காலிகமாக ஏற்றிக் காட்டும். குளிப்பாட்டிய ஓரிரு நாளில் ரத்தம் எடுக்காதீர்கள், அல்லது எப்போது குளிப்பாட்டினீர்கள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

பலர் விட்டுவிடுவது ரத்த அழுத்தம். சிறுநீரக நோயும் குஷிங்கும் அழுத்தத்தை ஏற்றும். அழுத்தம் ஏறிய நாய் இரவில் நிலைகொள்ளாமல் அலையும், திடீரெனப் பார்வையையும் இழக்கலாம். மேல் அளவு 160-ஐத் தாண்டுவது கவனிக்க வேண்டியது, 180-ஐத் தொட்டால் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. பயத்தில் பொய்யாக ஏறும் என்பதால், அமைதியான அறையில் நாய் கொஞ்சம் அடங்கிய பிறகு ஐந்தாறு தடவை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்ய வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மாதவரம் பால்பண்ணைப் பக்கம் உள்ள பல்கலைக்கழகப் புறநகர் மருத்துவமனை உங்களுக்கு இன்னொரு வழி. காலையில் சீக்கிரம் போங்கள். டிமென்ஷியாவை உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்றவற்றைத் தள்ளிய பிறகு மிஞ்சுவதுதான் அது. எம்ஆர்ஐ எல்லா நாய்க்கும் தேவையில்லை. வலிப்பு, ஒரே பக்கச் சுற்றல், தலைச்சாய்வு இருந்தால் அப்போது அதைப் பற்றிப் பேசலாம்.

இடுப்பும் கண்ணும்

இடுப்பைத் தொட்டால் கடிக்க வருவதை "குணம் மாறிவிட்டது" என்று டிமென்ஷியா கணக்கில் எழுதிவிடுவார்கள். அது பெரும்பாலும் மூட்டு வலி. நீண்ட நேரம் படுத்தால் மூட்டு இறுகும். எழுந்து நடந்தால் கொஞ்சம் இளகும். திரும்பப் படுக்க வலிக்கும். இரவு முழுக்க எழுவதும் நடப்பதும் இதனாலேயே வரலாம். இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, மருத்துவர் மேற்பார்வையில் இரண்டு வாரம் சரியான வலி நிவாரணம் கொடுத்துப் பார்ப்பது. இரவு பாதி அடங்கினால், அந்தப் பாதி வலியால் வந்தது.

ட்ரமடால் நாய்களின் மூட்டு வலிக்குப் பெரிதாக உதவுவதில்லை. உங்கள் மணிக்கு அது வேறொரு தடையாகவும் நிற்கிறது, கீழே சொல்கிறேன். சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருந்தால் மெலோக்சிகாம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு தினம் 0.1 மில்லிகிராம், சாப்பாட்டோடு என்பது வழக்கம். மணிக்குத் தினம் 1.1 மில்லிகிராம். மெடிக்கலில் கிடைக்கும் 7.5 மில்லிகிராம் மனித மாத்திரையில் பாதி கொடுத்தாலே மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும், குடலில் புண்ணும் சிறுநீரகப் பழுதும் இப்படித்தான் வருகின்றன. நாய்களுக்கான சிரப்பாக வாங்கி சிரிஞ்சில் அளக்க வேண்டும். சிறுநீரகம் சரியில்லை என்றால் மெலோக்சிகாமே வேண்டாம், கேபாபென்டின் பக்கம் போவார்கள். 11 கிலோவுக்கு இரவில் 100 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒன்று பொருத்தமான அளவு, சிறுநீரகப் பழுதின் அளவைப் பொறுத்து அதையும் குறைக்க வேண்டியிருக்கும். முதல் சில நாள் தள்ளாடுவான், அதனால் மாடிப்படியை மறைத்து வையுங்கள். திரவ கேபாபென்டினில் ஸைலிட்டால் இனிப்பு இருக்கக்கூடும், அது நாய்க்கு விஷம். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் பக்கமே போகாதீர்கள்.

கண்ணின் நீலம் பெரும்பாலும் வயதில் லென்ஸ் இறுகுவதால் வருவது, அதனால் பார்வை அவ்வளவாகக் கெடாது. வெண்மையாக இருந்தால் கண்புரை. வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒரு பஞ்சு உருண்டையை அவன் முகத்துக்கு எதிரே மேலிருந்து விடுங்கள். பஞ்சுக்குச் சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. கண் அதைப் பின்தொடர்ந்தால் பார்வை இருக்கிறது. வெளிச்சத்தில் ஒரு தடவையும் இரவு விளக்கில் ஒரு தடவையும் செய்யுங்கள். இருட்டில் மட்டும் தவறவிட்டால், இரவுக் குரைப்பில் ஒரு பங்கு பயத்தால் வருவது, ஒரு சிறிய இரவு விளக்கே அதற்கு மருந்து.

வீட்டு மருந்துகளும் செலெகிலினும்

அவில் ஒவ்வாமைக்கான மருந்து. தூக்கம் வருவது அதன் பக்க விளைவு. அது அசிடைல்கோலினைத் தடுக்கும் குணமுள்ளது. ஏற்கெனவே அசிடைல்கோலின் குறைந்த கிழ மூளைக்கு அதைக் கொடுத்தால் நாய் கண்ணயரலாம், விழித்ததும் குழப்பம் முன்பைவிட அதிகமாகும். அஞ்சு மாசக் குழப்பத்தில் எவ்வளவு பங்கு இதனுடையது என்பது நிறுத்தினால்தான் தெரியும்.

செலெகிலின், மூளையில் டோபமினைச் சிதைக்கும் எம்ஏஓ-பி என்ற நொதியைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 1998 முதல் நாய்களின் இந்த நோய்க்கே அனுமதி பெற்ற மருந்து. ஆகவே உங்கள் தம்பி சொன்னது அடிப்படையில் தவறல்ல. ஆனால் ட்ரமடாலோடு சேர்ந்தால் செரோடோனின் அளவு கட்டுக்கடங்காமல் ஏறி நடுக்கம், கடும் காய்ச்சல், மூச்சிரைப்பு, வலிப்பு என்று போகும். உண்ணிக் குளியல் மருந்தின் லேபிளைப் பாருங்கள். அமிட்ராஸ் என்று இருந்தால் அதுவும் அதே வகை நொதியைத் தடுப்பது, செலெகிலினோடு கூடவே கூடாது. இரண்டையும் நிறுத்தி இரண்டு வாரம் கழித்துத்தான் செலெகிலின். பிறகு செலெகிலினை நிறுத்தினாலும் அவற்றைத் தொடங்க அதே இரண்டு வார இடைவெளி வேண்டும். உண்ணிக்கு மாற்றாக ஃப்ளுராலனர், அஃபோக்ஸோலனர் போன்ற மென்று தின்னும் மாத்திரைகள் இருக்கின்றன. வலிப்பு வந்த நாய்க்கு அவையும் ஏற்றவை அல்ல என்பதால் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

செலெகிலினின் அளவு கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை, காலையில். மணிக்கு 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் தொடங்கி, பலன் தெரியாவிட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் இரண்டாக்குவது எடைக்குப் பொருந்தும் கணக்கு. காலையில் மட்டும் என்பதற்குக் காரணம் உண்டு. உடலில் இது சிதையும்போது ஆம்ஃபெடமின் வகைப் பொருட்கள் உண்டாகின்றன, மாலையில் கொடுத்தால் இருக்கிற தூக்கமும் போகும். பலன் தெரிய ஆறு வாரம், சில நாய்களுக்கு மூன்று மாதம்கூட ஆகும். ஒரு வாரத்தில் மாற்றம் இல்லை என்று அளவை ஏற்றுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வாந்தி, பேதி, எச்சில் ஒழுகல், இன்னும் கூடுதலான அலைச்சல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். இது நோயைப் போக்காது. பலன் தரும் நாய்களுக்குத் தெளிவைக் கொஞ்ச காலம் நீட்டிக்கும். சில நாய்களுக்கு எதுவுமே செய்யாது.

இரவுத் தூக்கத்துக்கு மட்டும் என்றால் மெலடோனின் 3 மில்லிகிராம், படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு கொடுத்துப் பார்க்கலாம். சூயிங்கம் போன்ற இனிப்பு மெலடோனின் வேண்டாம், அங்கேயும் ஸைலிட்டால்தான் பயம். சர்க்கரை நோய் தெரிந்தால் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். மனிதருக்கான அல்ப்ரஸோலம் மாத்திரையை யாராவது சொல்வார்கள். வயதான நாயை அது குழப்பிவிட்டுப் படியில் உருட்டிவிடும்.

ஒன்றைத் தொடங்கி இரண்டு, மூன்று வாரம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். காலண்டரில் இரவு எத்தனை தடவை எழுந்தான், எவ்வளவு நேரம் குரைத்தான் என்று இரண்டே எண்கள் போதும். எல்லாவற்றையும் ஒன்றாக ஆரம்பித்தால் எது பலன் தந்தது, எது வாந்தி எடுக்க வைத்தது என்று யாருக்கும் தெரியாது.

அம்மாவின் தேங்காய் எண்ணெய்

அம்மா சொல்வதில் ஒரு உண்மைத் துளி இருக்கிறது. குளுக்கோஸை எரிக்கச் சிரமப்படும் மூளைக்கு, எம்சிடி எனப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பிலிருந்து கல்லீரல் தயாரிக்கும் கீட்டோன்கள் மாற்று எரிபொருளாகின்றன. உணவில் 5.5 சதவீதம் எம்சிடி சேர்த்த வயதான பீகிள் நாய்கள் பயிற்சித் தேர்வுகளில் மேம்பட்டதை ஆய்வு காட்டியது. ஆனால் தேங்காய் எண்ணெயில் கீட்டோன் தரும் C8, C10 கொழுப்பு ஏறத்தாழ 15 சதவீதம்தான். பெரும்பகுதி லாரிக் அமிலம். அது பெரும்பாலும் மற்றக் கொழுப்பைப் போலவே உடலில் போகிறது.

கணக்கைப் பாருங்கள். இரண்டு பெரிய கரண்டி என்பது 30 மில்லி என்று வைத்தால் சுமார் 240 கலோரி. 11 கிலோ கிழ நாய்க்கு நாள் முழுக்கத் தேவை 500 முதல் 600 கலோரி. ஆக, மணி சாப்பிடுவதில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் வெறும் எண்ணெய். இதனால் கணைய அழற்சி வரும் அபாயம் இருக்கிறது. வாந்தி, வயிற்றைத் தொட விடாமை, முன்காலை நீட்டிப் பின்பக்கத்தைத் தூக்கிக் குனிந்து நிற்பது ஆகியவை அதன் குறிகள், வந்தால் அன்றே கொண்டுபோக வேண்டும். எண்ணெயை நான்கைந்து நாளில் படிப்படியாக நிறுத்திவிடுங்கள்.

ரத்தப் பரிசோதனை சரியாக வந்து, கணையத் தொந்தரவும் இல்லை என்றால் C8, C10 மட்டும் உள்ள எம்சிடி எண்ணெயை மருத்துவர் அனுமதித்தால் சேர்க்கலாம். மொத்தக் கலோரியில் 9 சதவீதம் என்று கொண்டால் மணிக்கு நாளுக்கு 6 மில்லி. ஒரு மில்லியில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றி, இரண்டு வேளைக்குப் பிரித்து, சாப்பாட்டோடு மட்டும் கொடுங்கள். மலம் எண்ணெய்ப் பசையாக வந்தால் முந்தைய அளவுக்கு இறங்கிவிடுங்கள்.

காசிமேட்டுப் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு ஒரு வசதி மத்தி மீன். அதில் மூளைக்குத் தேவையான ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. உப்பு, காரம், வெங்காயம் எதுவும் இல்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, வாரம் மூன்று நாள் உள்ளங்கையில் பாதி அளவு போதும். பொரித்தது வேண்டாம், கருவாட்டில் உப்பு அதிகம், குழம்பில் வெங்காயம் இருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வெறும் தயிர்சாதம் ஒரு கிழ நாய்க்குப் போதாது, முட்டையோ கோழியோ தினமும் வேண்டும். சிறுநீரக நோய் உறுதியானால் இந்தப் பத்தியை மறந்துவிட்டு, சிறுநீரக உணவைப் பற்றி மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். அப்போது முன்னுரிமை அதற்குத்தான்.

வீட்டில்

பீரோ இடுக்கை அட்டையால் அடைத்துவிடுங்கள். மொசைக் தரையில் அவன் நடக்கும் வழியில் சாக்கு விரியுங்கள், வழுக்காத தரை இடுப்புக்கும் நல்லது. காலை வெயிலில் 15 நிமிடம் கீழே அழைத்துப் போய் மோப்பம் பிடிக்க விடுங்கள். வயதான பீகிள்களில் நல்ல உணவும் இப்படி மூளைக்கு வேலை தருவதும் சேர்ந்தபோது, ஒவ்வொன்றும் தனியாகத் தந்ததைவிட அதிகப் பலன் இருந்தது. மாலை நான்கிலிருந்து ஆறு வரை தூங்க விடாமல் ஏதாவது செய்யுங்கள். இரவு பத்தரைக்கு ஒரு தடவை சிறுநீருக்கு இறக்குங்கள். எழுந்து குரைத்தால் திட்ட வேண்டாம், எதற்குத் திட்டு என்று அவனுக்குப் புரியாது, பயம்தான் கூடும். விளக்கைப் பெரிதாகப் போடாமல், கழுத்துப் பட்டையைப் பிடித்து மெதுவாகப் படுக்கைக்கு நடத்துங்கள்.

வீட்டு ஓனரிடம் மருத்துவமனைச் சீட்டைக் காட்டி ஆறு வாரம் கேளுங்கள். விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்கள் வளர்ப்பு நாயைக் காரணம் காட்டிக் குடியிருப்பவரை வெளியேற்றுவதை ஆதரிக்கவில்லை. இருந்தாலும் பக்கத்து வீட்டார் தூக்கம் கெடுவதும் நிஜம். அவனை நீங்கள் படுக்கும் அறையில், பொதுச் சுவருக்கு எதிர்ப்பக்கம் படுக்க வைத்தால் சத்தம் கொஞ்சம் குறையும். மாநகராட்சி உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும் கையில் இருக்கட்டும்.

ஊசி பற்றி

பரிசோதனையே செய்யாத நாய்க்கு அந்த முடிவை எடுக்கக் கூடாது. உதாரணமாக, மணிக்கு அடர்த்தி குறைந்த சிறுநீரும், புரதமும், 180 அழுத்தமும் வந்தது என்று வைப்போம். அழுத்தத்துக்கு மருந்து, சிறுநீரக உணவு, இரவில் கேபாபென்டின், அவில் நிறுத்தம் ஆகிய இவற்றிலேயே மூன்று வாரத்தில் இரவு பெருமளவு அடங்கக்கூடும். கீல் பக்கம் நிற்பது மட்டும் மிஞ்சும். அந்த அளவு மறதியோடு அவனும் நீங்களும் நிம்மதியாக வாழ முடியும், செலெகிலின் வேண்டுமா என்பதை அப்போது நிதானமாக முடிவு செய்யலாம். மாறாக எல்லாப் பரிசோதனையும் சுத்தமாக வந்தால், மிஞ்சியது மூளையும் மூட்டும். வலி மருந்தில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து செலெகிலின்.

இவற்றை எல்லாம் செய்து மூன்று மாதம் கழிந்த பிறகும், இரவு முழுக்கப் பதறி அலைகிறான், உங்களை அடையாளம் தெரியவில்லை, சாப்பாட்டையும் மறக்கிறான், படுத்தால் வலியில் முனகுகிறான் என்ற நிலை வந்தால், அமைதியாக அனுப்பிவைப்பது கொடுமை ஆகாது. அந்த முடிவு உங்கள் வீட்டாரும் மருத்துவரும் எடுப்பது, ஓனரோ பக்கத்து வீட்டாரோ எடுப்பதல்ல.

இதற்கிடையே வலிப்பு, திடீர்ப் பார்வை இழப்பு, ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் வராமை, நிற்காத வாந்தி இவற்றில் எது வந்தாலும் மூன்று நாள் தண்ணீர்க் கணக்கு முடியட்டும் என்று காத்திராமல் அன்றே வேப்பேரிக்குக் கொண்டுபோங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்து அட்டைகளையும், உண்ணி மருந்துப் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.